17.20 மணி நேரம்: ஓர் ஓவர்டைம் கணக்கு பிசகிய கதை

சம்பளப் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் தெரிந்தவர்கள் சம்பளச் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு வருவது நிற்கவில்லை. அப்படி வந்த ஒரு சீட்டைப் பற்றியதுதான் இது. வந்தவர் ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். "அண்ணே, ஓ.டி.யில 1,872 ரூபாய் அடிச்சுட்டாங்க, பாருங்க" என்று சீட்டையும் தன் கையால் எழுதிய ஒரு தாளையும் நீட்டினார்.

பார்த்தேன். அவர் சொன்ன தொகை தவறு. அலுவலகம் கொடுத்த தொகையும் தவறு. இரண்டு பேரும் வெவ்வேறு இடத்தில் சறுக்கியிருந்தார்கள். அந்த இரண்டு சறுக்கலும் ஓ.டி. கணக்கில் அடிக்கடி நடப்பவை என்பதால் முழுக்கணக்கையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் அவருடைய சம்பள அமைப்பு. மணிக்கு 90 ரூபாய். ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். நைட் ஷிப்ட் பார்த்தால் அந்த ஷிப்டுக்கு 48 ரூபாய் ஷிப்ட் படி. பகல் ஷிப்டுக்குப் படி கிடையாது. ஷிப்ட் முடிந்தபின் நின்று வேலை செய்தால் டபுள் ரேட். அந்த மாதம் 26 ஷிப்ட், அதில் 13 நைட். விடுப்பு எதுவும் இல்லை, எந்த நாளும் பாதியில் கிளம்பவும் இல்லை. இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். ஓ.டி.யை வாரக் கணக்கில் பார்க்கும் இடத்தில், ஒரு நாள் லீவு போட்ட வாரத்தில் கூடுதலாக நின்ற மணி நேரம் வார வரம்பைத் தாண்டாமலே போகலாம். அப்போது அது டபுள் ரேட்டுக்கு வராது. இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. எனவே சாதாரண நேரம் 26 × 8 = 208 மணி, அதற்குச் சம்பளம் 18,720 ரூபாய். ஷிப்ட் படி 13 × 48 = 624 ரூபாய். சீட்டிலும் இந்த இரண்டும் அப்படியே இருந்தன. தகராறு மூன்றாவது வரியில்.

அந்த வரி இப்படி இருந்தது: `OT HRS 17.20`, அதற்கு எதிரே `OT AMT 3096.00`.

அவருடைய தாளில் இருந்ததோ 18 மணி நேரம், 4,968 ரூபாய்.

அவர் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். "90 சம்பளம், 48 படி, மொத்தம் 138. டபுள்னா 276. பதினெட்டு மணிக்கு 4,968" என்று விளக்கினார். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் 90 என்பது ஒரு மணி நேரத்துக்கு, 48 என்பது ஒரு ஷிப்டுக்கு. அளவு வேறான இரண்டை அப்படியே கூட்ட முடியாது. கூட்டினால், எட்டு மணி நேரம் நைட் பார்த்ததற்குக் கிடைக்கும் 48 ரூபாயை ஓ.டி.யின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கேட்டதாகிவிடும், அதையும் இரட்டிப்பாக. போதாததற்கு, ஓ.டி. செய்த நாட்களில் சில பகல் ஷிப்ட் நாட்கள். அந்த நாட்களுக்குப் படியே கிடையாது.

"அப்போ படிக்கும் ஓ.டி.க்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டார். சம்பந்தம் உண்டு. ஆனால் அவர் நினைத்த வழியில் இல்லை. அதற்குப் போவதற்கு முன் அலுவலகத்தின் 17.20-ஐப் பார்த்துவிடுவோம்.

அந்த எண்ணைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம். அந்தத் தொழிற்சாலையில் பஞ்ச் நேரத்தைக் கால் மணித் துண்டுகளாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதாவது ஓ.டி. நேரம் எப்போதும் முழு மணி, அல்லது அதற்கு மேல் 15, 30, 45 நிமிடம். இதைத் தசமத்தில் எழுதினால் புள்ளிக்குப் பின்னால் 00, 25, 50, 75 என்ற நான்கில் ஒன்றுதான் வர முடியும். மணி, நிமிடம் என்று எழுதினால் 00, 15, 30, 45. இந்த இரண்டு பட்டியலிலும் 20 இல்லை. பதினேழு மணி இருபது நிமிடமும் இல்லை, பதினேழே கால் மணியும் இல்லை. அந்தத் தொழிற்சாலையின் விதிப்படி இருக்கவே முடியாத ஒரு நேரம் சீட்டில் அச்சாகியிருக்கிறது.

அவரிடம் பஞ்ச் விவரம் கேட்டேன். நல்ல வேளையாக, ஓ.டி. பார்த்த ஒவ்வொரு நாளும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஆறு சீட்டுகள்:

```
நைட் ஷிப்டுக்குப் பின்   4:00
நைட் ஷிப்டுக்குப் பின்   3:45
நைட் ஷிப்டுக்குப் பின்   2:15
பகல் ஷிப்டுக்குப் பின்   3:30
பகல் ஷிப்டுக்குப் பின்   2:15
பகல் ஷிப்டுக்குப் பின்   2:15
```

நிமிடமாக்கினால் 240, 225, 135, 210, 135, 135. மொத்தம் 1,080 நிமிடம். அறுபதால் வகுத்தால் சரியாக 18 மணி. அவர் எழுதிய மணிக்கணக்கு சரி.

இப்போது இதே ஆறையும், இடையிலிருக்கும் இரட்டைப் புள்ளியைத் தசமப் புள்ளியாக நினைத்துக் கூட்டிப் பாருங்கள்: 4.00, 3.45, 2.15, 3.30, 2.15, 2.15. கூட்டினால் 17.20 வருகிறது. அதைத்தான் யாரோ அட்டவணையில் தட்டச்சு செய்து 180-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். 17.2 × 180 = 3,096. சீட்டில் இருந்த தொகை பைசா மாறாமல் வந்துவிட்டது.

இதில் ஏமாற்று எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. டைம் ஆபீஸில் பதிவேட்டைப் பார்த்து "மூணு நாப்பத்தஞ்சு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் 3.45 என்று தட்டுவது கைப்பழக்கம். ஆனால் மூன்றே முக்கால் மணி என்பது 3.75. அந்த ஒரு வரியிலேயே 0.30 மணி போய்விட்டது. மூன்று இடத்தில் வரும் 2:15 ஒவ்வொன்றிலும் 0.10, 3:30-இல் 0.20. எல்லாம் சேர்த்து 0.80 மணி, 144 ரூபாய். இந்தத் தவறுக்கு ஒரு குணம் உண்டு: நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 100-ஆல் வகுப்பதால் அது எப்போதும் நேரத்தைக் குறைத்தே காட்டும். ஒரு மாதம் கூடி இன்னொரு மாதம் குறைந்து சரியாகிவிடும் என்று விட முடியாது. எல்லா மாதமும் தொழிலாளிக்கு எதிராகத்தான் விழும். முழு மணிக்கணக்கில் நின்றவர்களை மட்டும் தொடாது.

அட்டவணை மென்பொருளில் நேரமாகவே, அதாவது 3:45 என்றே, உள்ளிட்டால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் அங்கே வேறொரு குழி இருக்கிறது. எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருக்கும்; 18 மணி என்பது அதற்கு 0.75. அதை நேரே 180-ஆல் பெருக்கினால் 135 ரூபாய்தான் வரும். இருபத்து நான்கால் பெருக்கி மணியாக்கிவிட்டுத்தான் கூலியால் பெருக்க வேண்டும்:

```
=SUM(B2:B7)*24*180
```

மொத்த நேரம் காட்டும் கட்டத்துக்கு `[h]:mm` என்ற வடிவம் கொடுப்பதும் நல்லது. வெறும் `h:mm` என்றால் 24 மணி தாண்டியதும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்து, 26 மணி நேர ஓ.டி.யை 2:00 என்று காட்டும். இந்தத் தவறு பெரிதாக இருப்பதால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். புள்ளித் தவறுதான் யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் ஓடும்.

ஆக, படியை ஒதுக்கிவிட்டு மணிக்கூலியை மட்டும் பார்த்தால் 18 × 180 = 3,240 வர வேண்டும். இதைச் சரிபார்க்க நான் இன்னொரு வழியிலும் போட்டுப் பார்ப்பேன். வேலை செய்த மொத்த நேரம் 208 + 18 = 226 மணி. அதற்கு ஒற்றைக் கூலி 20,340 ரூபாய். டபுள் ஆவதற்கு 18 மணிக்கு இன்னொரு ஒற்றைக் கூலி, 1,620. கூட்டினால் 21,960. முதல் வழியில் 18,720-உம் 3,240-உம் சேர்ந்தாலும் அதே 21,960. இரண்டு வழியையும் பாதிப் பாதியாகக் கலந்துவிடக் கூடாது. 226 மணிக்கு ஒற்றைக் கூலி போட்டு, அதன்மேல் 18 மணிக்கு டபுளும் சேர்த்தால் மும்மடங்கு கொடுத்ததாகிவிடும். எதிர்ப்பக்கமாக, 208 மணிக்குச் சம்பளம் போட்டு ஓ.டி.க்கு "கூடுதல் ஒரு பங்கு" மட்டும் போட்டால் டபுள் ரேட் என்று சொல்லி ஒற்றை ரேட் கொடுத்ததாகும். சீட்டில் சாதாரண நேரம் 208 என்று காட்டியிருந்தால் ஓ.டி. வரியில் முழு டபுள் இருக்க வேண்டும். 226 என்று காட்டியிருந்தால் ஒரு பங்குதான் இருக்கும். இவர் சீட்டில் 208. எனவே அந்தப் பக்கம் பிழையில்லை.

இனி படி.

டபுள் என்றால் எதன் டபுள்? எல்லாத் தகராறும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கும். வேலை நேரம் பற்றி 1919-இல் வந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை, ஓ.டி.க்கு வழக்கமான கூலியில் குறைந்தது ஒன்றே கால் மடங்கு என்றது. மடங்கு நாட்டுக்கு நாடு மாறும். அந்த "வழக்கமான கூலி" என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்பதுதான் பணத்தை உண்மையில் தீர்மானிக்கிறது. 1948-இன் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 59-ஆவது பிரிவில் இருமடங்கு கொடுக்கச் சொன்னபோது, சாதாரண ஊதிய வீதம் என்பதற்கு அடிப்படை ஊதியமும் படிகளும் சேர்ந்தது, போனஸும் ஓ.டி. ஊதியமும் சேராது என்று விளக்கமும் தந்தது. அமெரிக்காவில் 1938-இன் நியாயத் தொழில் தரச் சட்டப்படி மடங்கு ஒன்றரைதான். ஆனால் நைட் ஷிப்டுக்காகத் தரும் கூடுதல் தொகை அந்த வழக்கமான வீதத்துக்குள் வந்துவிடும்.

படியைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேர்க்காவிட்டால், மணிக்கூலியைக் குறைவாக வைத்து மீதியைப் பல பெயரில் படியாகக் கொடுத்துவிடலாம். கையில் வரும் மாதச் சம்பளம் குறையாது, ஆனால் ஓ.டி. மலிவாகிவிடும். மறுபக்க வாதத்தையும் சொல்லிவிடுகிறேன்: நைட் படி என்பது தூக்கம் கெட்டு வந்ததற்கான தொகை, எத்தனை மணி வேலை என்பதற்கானது அல்ல, எனவே ஓ.டி.யில் சேராது என்பார்கள். எந்த வாதம் செல்லும் என்பதை அந்த இடத்துக்குப் பொருந்தும் சட்டமும், அதற்கு மேலாக ஊதிய ஒப்பந்தம் எதுவும் கொடுத்தால் அதுவும்தான் முடிவு செய்யும். சீட்டைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

அதனால் ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாள் கொண்டுவந்தார். ஓ.டி. "சாதாரண ஊதிய வீதத்தின் இருமடங்கு" என்று இருந்தது. சாதாரண ஊதிய வீதம் என்றால் மணிக்கூலியும் நிலையான படிகளும் என்று அதிலேயே விளக்கமும் இருந்தது. ஆக, 48 ரூபாய் படி ஓ.டி.யைப் பாதிக்கத்தான் செய்யும். இந்த இடத்தில் அவர் சொன்னது பாதி சரி.

ஆனால் கூட்டுவதற்கு முன் படியை மணிக்கு இவ்வளவு என்று மாற்ற வேண்டும். அந்த மாதம் பெற்ற படி 624 ரூபாய். சாதாரண நேரம் 208 மணி. வகுத்தால் மணிக்கு 3 ரூபாய். எனவே சாதாரண வீதம் 93, டபுள் 186. பதினெட்டு மணிக்கு 3,348 ரூபாய். படி இல்லாமல் போட்ட 3,240-ஐவிட 108 கூடுதல். 276 ரூபாய் ரேட் எங்கே, 186 எங்கே!

எதால் வகுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். மாதத்துக்கு 30 நாள், நாளுக்கு 8 மணி என்று 240-ஆல் வகுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்போது 3 ரூபாய் 2.60 ஆகிவிடும், 108 ரூபாய் 93.60 ஆகிவிடும். வேலையே செய்யாத வார விடுமுறை நாட்களின் மேலும் படியைப் பரப்புவது அது. இந்த ஒப்பந்தத்தில் படி கிடைத்தது சாதாரண ஷிப்டுகளுக்காக. எனவே அந்த ஷிப்டுகளின் 208 மணிதான் வகுக்கும் எண். வகுத்து வருவது முழு எண்ணாக இல்லாவிட்டால், நடுவில் சில்லறையை வெட்டாமல் கடைசித் தொகையில் மட்டும் முழுமையாக்குவது சுத்தம்.

இதில் அவருக்கு ஒரு குழப்பம் வந்தது. "அப்போ எங்க ஓ.டி. ரேட் மாசா மாசம் மாறுமா?" ஆமாம், மாறும். நைட்டே இல்லாத மாதத்தில் ரேட் 180. இருபத்தாறும் நைட் என்றால் படி 1,248, மணிக்கு 6 ரூபாய், டபுள் ரேட் 192. அவர் ரேட் இந்த இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும். ரேட் மாறியதை வைத்து மட்டும் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. எந்த மாதமும் ஒரே 180 என்று நின்றால்தான், படி சேர்க்கப்படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இவர் எடுத்துவந்த முந்தைய நான்கு சீட்டிலும் 180-தான்.

இன்னொரு கணக்கும் சாத்தியம். மாதச் சராசரி எடுக்காமல், நைட்டுக்குப் பின் நின்ற 10 மணிக்கு மட்டும் 96-இன் டபுள், பகலுக்குப் பின் நின்ற 8 மணிக்கு 90-இன் டபுள் என்று போடலாம். அப்போது 1,920 + 1,440 = 3,360. சராசரியைவிட 12 ரூபாய் கூட. இரண்டில் எது என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. ஊதியம் கணக்கிடும் காலம் மாதம் என்பதால் மாதச் சராசரியே பொருத்தம் என்று எனக்குப் பட்டது. நைட்டுக்குப் பின்னேயே அதிகம் நிற்பவர் இதை எதிர்த்துக் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

சரி, படி என்ற தொகை மட்டும் எத்தனை முறை? பகல் ஷிப்ட் முடிந்து இரண்டேகால் மணி நின்றபோது நேரம் அடுத்த ஷிப்டுக்குள் போயிருக்கும். அதற்கு 48 ரூபாய் கேட்க முடியுமா? இந்த ஒப்பந்தத்தில் முழு நைட் ஷிப்ட் பார்த்தால்தான் படி. எனவே கிடையாது. நைட் முடிந்து காலையில் நின்றதற்கும் இரண்டாவது படி இல்லை. யாராவது வராத இடத்துக்கு முழு நைட் ஷிப்டையே ஓ.டி.யாகப் பார்த்திருந்தால் அந்த ஷிப்டுக்கு 48 தனியாக வந்திருக்கும், ஆனால் ஒற்றையாகத்தான். இவர் ஒரு நாளும் அப்படிப் பார்க்கவில்லை. 624 அப்படியே நிற்கிறது.

எல்லாம் சேர்த்து: சம்பளம் 18,720, படி 624, ஓ.டி. 3,348. மொத்தம் 22,692. சீட்டில் பிடித்தத்துக்கு முன் இருந்த மொத்தம் 22,440. பாக்கி 252 ரூபாய். அதில் 144 புள்ளியால் போனது, 108 படியைச் சேர்க்காததால் போனது.

1,872 எதிர்பார்த்து வந்தவரிடம் 252 என்று சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருந்தது. அவர் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 4,968 என்று எழுதிக் கொடுத்தால் அலுவலகம் அந்தக் கூட்டலின் தவறை மட்டும் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பிவிடும், 17.20-ஐப் பற்றிப் பேச்சே எழாது. எனவே இரண்டு பாராவாக எழுதினோம். முதலில் ஆறு சீட்டுகளின் நகலும் 1,080 நிமிடம் என்ற கூட்டலும். பிறகு ஒப்பந்தத்தின் அந்த வரியும் 624 வகுத்தல் 208-உம். கோபம், குற்றச்சாட்டு எதுவும் வைக்கவில்லை.

முதல் பாராவை அலுவலகம் ஒரே நாளில் ஒப்புக்கொண்டது. இரண்டாவது பாராவுக்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் ஆயிற்று. அடுத்த மாதச் சீட்டில் `OT ARR 252.00` என்று ஒரு வரி வந்தது. முந்தைய நான்கு மாதத்தின் சூப்பர்வைசர் சீட்டுகளை அவர் வைத்திருக்கவில்லை. பஞ்ச் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதற்குள் அவருடன் வேலை செய்யும் இன்னொருவர் தன் சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கும் அதே 90 ரூபாய், அதே 208 மணி, அதே 13 நைட். `OT HRS 21.00`, தொகை 3,780. எப்போதும் முழு மணி முடித்துவிட்டுத்தான் பஞ்ச் அடிப்பாராம், பழக்கம். புள்ளித் தவறு அவர் பக்கமே போகவில்லை. படிக்கான 126 ரூபாய் மட்டும்தான் விட்டுப்போயிருந்தது.